வேலை செய்வதுதான் ஆபத்து: வெள்ளையாக்கும் கிரீம்கள்



முகத்தை வெள்ளையாக்கும் கிரீம்களைப் பற்றி உயர்நிலை வகுப்பில் எழுதச் சொன்னால் விடை ஏறத்தாழ ஒரே மாதிரி வருகிறது. மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, விளம்பரங்கள் ஏமாற்றுகின்றன, அரசு எச்சரிக்க வேண்டும். எழுதுவது பொய் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் எச்சரிக்கைக்குப் பஞ்சமா என்ன? சுகாதார அறிவியல் ஆணையம் பாதரசம் கலந்த கிரீம்களைப் பெயர் சொல்லி, படம் போட்டுப் பல ஆண்டுகளாக அறிவித்து வருகிறது. செய்தித்தாளில் வருகிறது, வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. படித்தவர்கள்தான் படிக்கிறார்கள், படித்தவர்கள்தான் வாங்கவும் செய்கிறார்கள். அப்புறம் எப்படி 'விழிப்புணர்வு இல்லை' என்பது முழு விடையாகும்?

என் பார்வையில் விடை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஆபத்தான கிரீம்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. இரண்டு வாரத்தில் கண்ணாடியில் வித்தியாசம் தெரிகிறது. கெடுதலோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மெதுவாக நடக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, கேரளத்தில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்ற ஊர். ஆயுர்வேதத்துக்குப் பேர் போன ஊர். அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். வந்த நோயாளிகளுக்கு உடல் வீக்கமும் சோர்வும் இருந்தன. சிறுநீர் நுரைத்துப் போயிற்று. பரிசோதித்தால் சிறுநீரில் ஏராளமான புரதம். சிறுநீரகம் ஒரு வடிகட்டி மாதிரி. இரத்தத்தில் உள்ள கழிவை வெளியே விட வேண்டும், புரதத்தை உள்ளேயே நிறுத்த வேண்டும். அந்த வடிகட்டியின் சவ்வு கெட்டுப் போனால் புரதம் ஒழுகுகிறது. முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் நுரைப்பது போலவே, புரதம் கலந்த சிறுநீரும் நுரைக்கும். இரத்தத்தில் புரதம் குறைவதால் நீர் திசுக்களில் தேங்கி, காலையில் எழுந்தவுடன் இமைகளும் மாலையில் கணுக்கால்களும் வீங்கும்.

இந்த நோய்க்குச் சவ்வு சிறுநீரக நோய் என்று பெயர் சொல்லலாம். உடலின் எதிர்ப்பாற்றலே தன் சிறுநீரகச் சவ்வைத் தாக்குவதால் வருவது. இதில் பல வகை உண்டு. ஊசியால் சிறுநீரகத்தின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தால், எந்தப் புரதத்தை ஒட்டித் தாக்குதல் நடக்கிறது என்று தெரியும். கோட்டக்கலில் திரும்பத் திரும்ப வந்த வகை 'நெல்-1'. (நம் வயலில் விளையும் நெல்லுக்கும் இதற்கும் உறவில்லை. ஆங்கில எழுத்துகளின் சுருக்கம் அப்படி ஒலிக்கிறது, அவ்வளவுதான்.) பொதுவாக அரிதான வகை அது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கே சவ்வு சிறுநீரக நோய் என்று உறுதியானவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 வகை. அரிதான ஒன்று ஒரே ஊரில் இப்படிக் குவிந்தால் மருத்துவர் சும்மா இருக்க முடியாது.

என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள் என்று விசாரித்தார்கள். முதலில் பிடி கிடைக்கவில்லை. தொடக்கத்தில் வந்த ஒரு பதினான்கு வயதுச் சிறுமிக்கு வழக்கமான சிகிச்சை பலன் தரவில்லை. பின்னர் அவள் முகத்துக்கு ஒரு கிரீம் போட்டு வந்தது தெரிந்தது. அதற்குள் அவளுடைய உறவுக்காரப் பெண்ணும் அதே நோயோடு வந்துவிட்டாள், அவளும் அதே கிரீமைப் பயன்படுத்தியவள். அதன் பிறகு ஒவ்வொருவரையும் குறிப்பாகக் கேட்டபோது, அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் இருந்தார்கள். ஒரு நோயாளிக்கு மூளையின் இரத்தக் குழாயில் இரத்தக்கட்டி ஏற்பட்டது. புரதம் ஒழுகும்போது இரத்தம் உறையும் தன்மை கூடிவிடுவதால் வரும் ஆபத்து அது. ஆறுதலான செய்தியும் உண்டு. கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது. 2024-இல் 'கிட்னி இன்டர்நேஷனல்' என்ற மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

இங்கே மொழி ஆசிரியராக என்னை நிறுத்திய இடம் ஒன்று. மருத்துவர் கேட்டது, 'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' நோயாளிகள் மறைக்கவில்லை. நம் மனத்தில் கிரீம் மருந்து அல்ல, பூசுவது சாப்பிடுவதும் அல்ல. 'மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்' என்பது அவர்களைப் பொறுத்தவரை உண்மையான பதில். கேள்வி 'முகத்துக்கு என்ன போடுறீங்க?' என்று மாறியபோதுதான் விடை வந்தது.

சரி, முகத்தில் பூசியது சிறுநீரகத்துக்கு எப்படிப் போயிற்று? அந்தக் கிரீம்களில் இருந்தது பாதரசம். தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் உயிரணுக்கள் இருக்கின்றன. கறுப்போ மாநிறமோ, எல்லாருக்கும் அந்த உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அவை செய்யும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறு. நிறமி செய்ய டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதி இயங்கச் செம்பு வேண்டும். பாதரசம் அந்த இடத்தில் புகுந்து நொதியை முடக்குகிறது. நிறமி உற்பத்தி குறைகிறது, பழைய தோல் உதிர உதிர வெளுப்பு தெரிகிறது. ஆக, விளம்பரம் சொன்னது நடந்துவிட்டது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. தோல் வழியே இரத்தத்தில் இறங்குகிறது, உடலில் இருந்து வெளியேறச் சிறுநீரகத்துக்கு வருகிறது, அங்கேயே தங்குகிறது.

அளவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. சிங்கப்பூர் உட்பட ஆசியான் நாடுகளில் ஒப்பனைப் பொருளில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 20 கிராம் டப்பாவில் அது 20 மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் ஆய்வகங்களில் சிக்கிய கிரீம்களில் நூற்றுக்கு ஒரு பங்கும் அதற்கு மேலும் இருந்தவை உண்டு. அப்படியானால் அதே 20 கிராம் டப்பாவில் 200 மில்லிகிராம் பாதரசம். அனுமதித்ததைப் போலப் பத்தாயிரம் மடங்கு. தினமும் காலையும் இரவும் பூசுகிறவர் ஒரு மாதத்துக்குள் அதைக் காலி செய்துவிட்டு அடுத்த டப்பாவைத் திறப்பார்.

பூசுகிறவருக்கு மட்டுமே ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். பாதரசம் ஆவியாகும். தலையணை உறையிலும் துண்டிலும் ஒட்டும். அம்மாவின் கன்னத்தில் கன்னம் வைக்கும் குழந்தைக்கும் போகும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகும். நீண்ட நாள் சேர்ந்தால் கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மறதி வரலாம். இவற்றையெல்லாம் 'வேலை டென்ஷன்' என்று நாம் தள்ளிவிடுவோம் என்பதுதான் கஷ்டம்.

பாதரசம் ஒன்றே எல்லாம் என்றில்லை. இன்னொரு கூட்டாளி ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்றவை தோல் அழற்சிக்கு மருத்துவர் சில நாட்களுக்கு எழுதித் தரும் நல்ல மருந்துகள். அவற்றை யாரோ சத்தமில்லாமல் அழகுக் கிரீமில் கலக்கும்போது கதை மாறுகிறது. ஸ்டீராய்டு தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால் முகம் சீக்கிரமே வெளுத்துத் தெரியும். பருக்களும் அடங்கும். வாங்கியவருக்கு ஒரே மகிழ்ச்சி. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து காகிதம் போலாகிறது, சிவப்புக் கோடுகளாக இரத்தக் குழாய்கள் தெரிகின்றன, பருக்கள் திரும்புகின்றன, முடியும் முளைக்கலாம். பயந்துபோய் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் செந்நிறமாகி எரிகிறது. இதுதான் பொறி. அந்த எரிச்சலை உடனே அடக்குவது எது? அதே கிரீம். 'நிறுத்தினாத்தான் முகம் கெடுது, போட்டா நல்லா இருக்கு' என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. தன் முகத்தில் கண்டதைச் சொல்கிறார். இந்தியாவில் தோல் மருத்துவர்கள் இதை ஒரு தனி நோயாகவே பேசுகிறார்கள். 2018-இல் இந்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று அறிவித்தது.

மூன்றாவது, ஹைட்ரோகுவினோன். கரும்படலத்துக்காக மருத்துவர் மேற்பார்வையில் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்துவது உண்டு. கட்டுப்பாடில்லாமல் ஆண்டுக்கணக்கில் பூசினால் சிலருக்குத் தோல் நீலம் கலந்த கறுப்பாகிவிடும். வெளுப்பதற்காகப் போட்டது கறுப்பில் முடிவது எவ்வளவு கொடுமை! தென்னாப்பிரிக்காவில் 1970-களிலேயே இது கண்டறியப்பட்டது.

இனி, நம்மூருக்கு வருவோம். சிங்கப்பூரில் ஒப்பனைப் பொருளை விற்கும் நிறுவனம் முன்கூட்டியே ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் மருந்தைப் போல ஒவ்வொரு கிரீமும் சோதித்து ஒப்புதல் பெற்ற பிறகே கடைக்கு வருகிறது என்று நினைத்தால் தவறு. பாதுகாப்புக்கு நிறுவனம்தான் பொறுப்பு. ஆணையம் சந்தையில் மாதிரி எடுத்துச் சோதிக்கிறது, புகார் வந்தால் பாய்கிறது. இந்த ஏற்பாடு, பெயரும் முகவரியும் உள்ள நிறுவனத்திடம் பலிக்கும். இணையத்தில் ஒரு பெயரில் விற்று, பக்கம் மூடப்பட்டதும் வேறு பெயரில் வருபவரிடம் பலிக்காது. எச்சரிக்கை ஒரு லேபிளின் பெயரைச் சொல்கிறது. அதற்குள் அதே சரக்கு புது லேபிள் ஒட்டிக்கொள்கிறது. பட்டியலில் தன் டப்பாவின் பெயர் இல்லாததைப் பார்த்து நிம்மதி அடைபவரை யார் குறை சொல்வது?

மேலும், நம்மில் பலர் இதைக் கடையில் வாங்குவதில்லை. நான் இருக்கும் சாங்கி வட்டாரத்தில் ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லியனுப்பும் பட்டியல் பிரசித்தம். 'வரும்போது அத்தை போடுற அந்தக் கிரீம் ரெண்டு டப்பா வாங்கிட்டு வாம்மா.' விமான நிலையத்தில் இறங்கும் பெட்டியில் முறுக்கு, ஊறுகாய், புடவை, நடுவில் அதுவும் இருக்கும். ஜொகூரில் இருந்தும் வரும். சிராங்கூன் சாலைக்கு முடிவெட்டவோ புருவம் திருத்தவோ போன இடத்தில், தெரிந்த அக்கா லேபிள் இல்லாத டப்பாவை நீட்டுவதும் நடக்கும். அரசு அறிவிப்பு ஒரு முகமற்ற குரல். அத்தையோ கண்ணெதிரே வெளுத்த முகத்தோடு நிற்கிறார். எந்தச் சான்று வெல்லும் என்று மாணவர்கள் யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கடையில் முறையாக விற்கும் கிரீம்கள் எல்லாமே விஷமல்ல. நியாசினமைடு, வைட்டமின் சி போன்றவை சேர்ந்தவை பொதுவாகப் பாதுகாப்பானவை. ஆனால் அவை தருவது மெதுவான, மிகச் சிறிய மாற்றம். பிறந்த நிறத்தை மாற்ற அவற்றால் முடியாது. எனவே வாங்கியவர், 'இது ஒண்ணுக்கும் ஆகல' என்று மூலையில் வைத்துவிட்டு, வேகமாக வேலை செய்யும் ஒன்றைத் தேடுகிறார். நேர்மையான டப்பா தோற்கிறது, விஷ டப்பா ஜெயிக்கிறது.

அந்தத் தேடல் ஏன் தொடங்குகிறது என்ற கேள்வி பழையது. நம் பேச்சுத் தமிழே காட்டிக்கொடுக்கும். 'பொண்ணு நல்ல கலர்' என்கிறோம். கலர் என்றால் நிறம் என்றுதானே பொருள்? ஆனால் எந்த நிறம் என்று யாரும் கேட்பதில்லை. 'கறுப்பாயிருந்தாலும் களையா இருக்கா' என்பதில் உள்ள 'ஆலும்' என்ற இடைச்சொல் செய்யும் வேலையை இலக்கண வகுப்பில் ஐந்து நிமிடம் பேசலாம். 1975-இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலேயே வெளுப்பையும் அழகையும் ஒட்ட வைத்தது. 2020 ஜூலையில் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. (அதில் பாதரசம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, பெயரைப் பற்றித்தான் பேச்சு.) அதே ஆண்டு ஜூனில் ஷாதி.காம் என்ற வரன் தேடும் தளம் தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியை எடுத்துவிட்டது. சென்னையில் 2009-இலேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கம் தொடங்கியது. ஆனாலும் நேர்முகத்தேர்வு, நிச்சயதார்த்தம், பள்ளிப் புகைப்படம் என்று ஒவ்வொன்றுக்கும் முந்தைய மாதம் கிரீம் வாங்குகிறார்கள். நிறத்தால் நிஜமாகவே லாபம் உண்டு என்று கண்ட ஒருத்தியிடம் 'அழகு மனதில்தான் இருக்கிறது' என்று எழுதி நீட்டினால் அவள் சிரிக்கத்தான் செய்வாள். பத்து வருடம் கழித்து வரக்கூடிய நோயை அடுத்த மாத நிச்சயதார்த்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். இதை அறியாமை என்று அழைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

சட்டத்தின் பக்கம் முயற்சி இல்லாமல் இல்லை. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது, சிங்கப்பூரும் அதில் சேர்ந்துள்ளது. 2023-இல் ஜெனிவாவில் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்களை அளவு வேறுபாடின்றி 2025-க்குள் நிறுத்த முடிவு செய்தன. கேரள அரசும் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் 2023 முதல் கடைகளில் சோதனை நடத்தியது. ஆனால் பெட்டிக்குள் வரும் டப்பாவை வீட்டில் இருப்பவர்தான் பார்க்க முடியும்.

எப்படிப் பார்ப்பது? பாதரசத்தை முகர்ந்தோ தடவியோ கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகம் வேண்டும். சில தடயங்கள் உண்டு. உட்பொருள் பட்டியலோ தயாரித்தவர் முகவரியோ இல்லாத டப்பா முதல் தடயம். ஆங்கிலத்தில் மெர்க்குரி, கலோமல், மெர்க்குரிக், மெர்க்குரஸ் என்ற சொற்கள் தென்பட்டால் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்க வேண்டும். எனக்குப் பிடித்த தடயம் வேறு. 'தங்கம், வெள்ளி, அலுமினிய நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று சில டப்பாக்களில் அச்சிட்டிருக்கும். ஏன்? பாதரசம் தங்கத்தோடு கலந்து அதை வெளுக்க வைக்கும். நம் பொற்கொல்லர்கள் அறிந்த வேதியியல் இது. மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பூசச் சொல்லும் கிரீமை முகத்தில் பூச வேண்டுமா என்று வீட்டில் கேளுங்கள், உடனே புரியும். ஒரே வாரத்தில் வெளுப்பு வந்தாலும், நிறுத்தினால் எரிச்சல் வந்தாலும் அதுவும் தடயமே.

ஏற்கனவே பூசி வருபவருக்கு: நிறுத்த வேண்டும். மாதக்கணக்கில் போட்டவர்கள் முகம் சிவந்து எரிவதைத் தனியாகச் சமாளிக்க முயல வேண்டாம். ஸ்டீராய்டு கலந்திருந்தால் மருத்துவர் படிப்படியாக இறக்கிவிடுவார். டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டுப் போகாமல், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். என்ன கலந்தது என்று தெரிந்தால்தான் அவரால் யோசிக்க முடியும். சிறுநீரில் புரதம் உண்டா என்பதைப் பலதுறை மருந்தகத்தில் ஒரு சாதாரணப் பரிசோதனையிலேயே பார்க்கலாம். பாதரசத்தின் அளவை அறியத் தனிச் சோதனை உண்டு. நம் ஊர் வெயிலுக்குத் தொப்பியோ குடையோ சன்ஸ்கிரீனோ அவசியம், ஏனெனில் நிறமி குறைந்த தோலுக்கு வெயிலைத் தாங்கும் திறன் குறைவு. சிங்கப்பூரில் நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம்.

மருத்துவரிடம் போகும்போது இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கும் இதே நெல்-1 வகை நோய் வந்ததைக் காட்டியது. ஆகவே உள்ளே சாப்பிடும் பஸ்பம், லேகியம் எதுவானாலும், வெளியே பூசும் கிரீம் எதுவானாலும், மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே வாய்திறந்து பெயர் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பிள்ளைகள்தான் உள்ளே போகிறார்கள். அங்கே 'மெடிசின் எதுவும் இல்லை' என்று மொழிபெயர்ப்பதற்கு முன், 'பாட்டி, முகத்துக்கு என்ன போடுறீங்க? கைக்கு? கழுத்துக்கு?' என்று ஒருமுறை தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள்.